கரைதிறன் பெருக்கமும் பொது அயனி விளைவும்

எடையறி பகுப்பாய்வில், கரைசலிலுள்ள ஓர் உலோகத்தைக் கரையாச் சேர்மமாக வீழ்படியச் செய்து, வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடையிடுவர். இவற்றுள் கழுவுதல் எளிய செயலாகத் தோன்றினும், பிழை நேரும் வாய்ப்பு அதில் மிகுதி. ஒரு கரைசலில் உள்ள லெட்டின் அளவை லெட் சல்பேட்டாக வீழ்படியச் செய்து அறியும் முறையைக் காண்போம். வீழ்படிவைத் தூய நீரால் கழுவாமல், நீர்த்த சல்பியூரிக் அமிலத்தால் கழுவுவது ஏன்? இவ்வினாவிற்குக் கரைதிறன் பெருக்கமே விடை தருகிறது.

1. கரைதிறன் பெருக்கம்

'கரையாத' உப்பு என வழங்கப்படும் எதுவும் முற்றிலும் கரையாததன்று. லெட் சல்பேட்டை நீரில் இட்டால் அதன் மிகச் சிறிதளவு கரைந்து, அயனிகளாகப் பிரிகிறது. அதே வேளையில் கரைசலிலுள்ள அயனிகள் இணைந்து மீண்டும் திண்மமாகப் படிகின்றன. இவ்விரு செயல்களின் வேகங்களும் சமமாகும்போது கரைசல் தெவிட்டிய நிலையை அடைகிறது.

PbSO₄(s) ⇌ Pb²⁺(aq) + SO₄²⁻(aq)

திண்மத்தின் செறிவு மாறிலியாதலால் அது சமன்பாட்டில் இடம்பெறாது. எனவே,

Ksp = [Pb²⁺] [SO₄²⁻]

தெவிட்டிய கரைசலிலுள்ள அயனிச் செறிவுகளின் இப்பெருக்கற்பலனே கரைதிறன் பெருக்கம் எனப்படும். ஒரு மூலக்கூறிலிருந்து ஒரே வகை அயனிகள் ஒன்றுக்கு மேற்பட்டுத் தோன்றினால், அவ்வயனியின் செறிவை அந்த எண்ணின் அடுக்காக உயர்த்த வேண்டும். 25 °C வெப்பநிலையில் லெட் சல்பேட்டின் Ksp ஏறத்தாழ 1.6 × 10⁻⁸ ஆகும்.

இங்கு மாறிலியாக இருப்பது பெருக்கற்பலன் மட்டுமே. தனித்தனி அயனிகளின் செறிவுகள் மாறலாம். ஓர் அயனியின் செறிவு கூடினால் மற்றதன் செறிவு குறைந்தாக வேண்டும்.

2. தூய நீரால் கழுவினால் நேரும் இழப்பு

கரைசலில் 0.2072 கிராம் லெட், அதாவது 1 மில்லிமோல், உள்ளதெனக் கொள்வோம். லெட் சல்பேட்டின் மோலார் நிறை 303.3. ஆகவே கிடைக்கவேண்டிய வீழ்படிவின் எடை 0.3033 கிராம். இதனைக் கழுவ 200 மி.லி. தூய நீர் பயன்படுத்தப்படுகிறது.

மோலார் கரைதிறன் s எனில், தூய நீரில் இரு அயனிகளின் செறிவும் s ஆகவே இருக்கும்.

s² = 1.6 × 10⁻⁸
s = 1.26 × 10⁻⁴ மோல்/லிட்டர்

200 மி.லி. நீரில் கரையும் அளவு = 1.26 × 10⁻⁴ × 0.2 × 303.3 = 0.0076 கிராம்

இது வீழ்படிவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு ஆகும். கழுவுநீர் முழுவதும் தெவிட்டிய நிலையை அடைந்தால் நேரும் உயர்ந்தபட்ச இழப்பு இது; விரைந்து வடியும் நீரில் இழப்பு சற்றுக் குறையலாம். எனினும் பகுப்பாய்வுத் தராசு 0.0001 கிராம் வரை துல்லியமாகக் காட்டுவதால், இவ்விழப்பைப் புறக்கணிக்க இயலாது. இழப்பு நேர்ந்ததை நேரடியாகவும் அறியலாம். தூய நீரால் கழுவி வந்த வடிநீரில் சில துளிகள் பொட்டாசியம் குரோமேட் கரைசல் சேர்த்தால், லெட் குரோமேட்டின் மஞ்சள் நிறக் கலங்கல் தோன்றும்.

3. பொது அயனி விளைவு

கழுவும் திரவத்தில் முன்னரே சல்பேட் அயனிகள் இருந்தால், லீ சாட்லியர் தத்துவத்தின்படி மேற்கண்ட சமநிலை இடப்புறமாக நகரும். உப்பு கரைவது குறையும். ஓர் உப்பிலுள்ள அயனி ஒன்றையே கொண்ட மற்றொரு மின்பகுளியைச் சேர்ப்பதால் அவ்வுப்பின் கரைதிறன் குறைவது பொது அயனி விளைவு எனப்படும்.

கழுவுவதற்கு 0.1 M சல்பியூரிக் அமிலம் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். இதில் சல்பேட் அயனியின் செறிவு 0.1 M எனக் கருதுவது மாணவர்கள் பொதுவாகச் செய்யும் பிழையாகும். சல்பியூரிக் அமிலத்தின் முதல் அயனியாதல் முழுமையானது. இரண்டாவது அயனியாதல் பகுதியளவே நிகழ்கிறது.

HSO₄⁻ ⇌ H⁺ + SO₄²⁻  (Ka₂ ≈ 1.2 × 10⁻²)

முதல் அயனியாதலில் தோன்றிய H⁺ அயனிகளும் இச்சமநிலையை இடப்புறம் தள்ளுகின்றன. இதுவும் ஒரு பொது அயனி விளைவே. கணக்கிட்டால், சல்பேட் அயனியின் செறிவு ஏறத்தாழ 0.01 M மட்டுமே எனத் தெரியவரும். எனவே,

[Pb²⁺] = 1.6 × 10⁻⁸ / 0.01 = 1.6 × 10⁻⁶ மோல்/லிட்டர்

உப்பு கரைவதால் புதிதாகச் சேரும் சல்பேட், 0.01 உடன் ஒப்பிட மிகச் சிறியது; ஆகவே அதைப் புறக்கணித்தது சரியே. இப்போது 200 மி.லி. கழுவு திரவத்தில் கரையும் அளவைக் காண்போம்.

1.6 × 10⁻⁶ × 0.2 × 303.3 = 0.0001 கிராம்

இழப்பு ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்து, தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவை எட்டிவிட்டது.

4. விளைவின் வரம்புகள்

நீர்த்த அமிலம் இழப்பைக் குறைப்பதால், செறிந்த அமிலம் மேலும் நன்மை தரும் என எண்ணலாகாது. செறிந்த சல்பியூரிக் அமிலத்தில் HSO₄⁻ அயனிகளே மிகுந்திருக்கும். அவற்றோடு லெட் கரையும் தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பேட்டாக மாறுவதால், வீழ்படிவு மீண்டும் கரைகிறது. முற்காலத்தில் லெட் தகடு வேய்ந்த அறைகளில் தயாரிக்கப்பட்ட சல்பியூரிக் அமிலத்தில் லெட் சல்பேட் கரைந்திருந்தது. அத்தகைய செறிந்த அமிலத்தை நீர்க்கச் செய்தபோது வெண்மையான கலங்கல் தோன்றியமைக்குக் காரணம் இதுவே.

நைட்ரிக் அமிலமும் இவ்வாறே தீங்கு பயக்கும். அதன் H⁺ அயனிகள் சல்பேட்டை HSO₄⁻ ஆக மாற்றுவதால் சல்பேட் அயனியின் செறிவு குறைந்து, வீழ்படிவு கூடுதலாகக் கரையும். ஆதலால் மாதிரி நைட்ரிக் அமிலத்தில் கரைக்கப்பட்டிருந்தால், சல்பியூரிக் அமிலம் சேர்த்து அடர்ந்த வெண்புகை எழும் வரை ஆவியாக்கி, குளிரவைத்து, நீர்க்கச் செய்த பின்னரே வடிகட்ட வேண்டும்.

5. கழுவுதலை நிறைவு செய்தல்

நீர்த்த சல்பியூரிக் அமிலத்தைச் சிறு சிறு பகுதிகளாக ஊற்றி வீழ்படிவைக் கழுவ வேண்டும். வீழ்படிவில் அமிலம் தங்கினால் எடை மிகும். அதை நீக்க நீரைப் பயன்படுத்தினால் முன்கண்ட இழப்பு நேரும். எனவே இறுதியாக ஆல்கஹாலால் கழுவுவர். ஆல்கஹாலில் லெட் சல்பேட் நீரில் கரைவதைவிட மிகக் குறைவாகவே கரையும். வடியும் திரவத்தை நீருடன் கலந்து சோதிக்கும்போது நீல லிட்மஸ் சிவப்பாக மாறாவிடில், அமிலம் நீங்கிவிட்டதென அறியலாம்.

வடிதாளுடன் வீழ்படிவை எரித்தல் கூடாது. தாளிலிருந்து தோன்றும் கரி, லெட் சல்பேட்டை ஒடுக்கிவிடும். ஆகவே நுண்துளைகள் கொண்ட போர்சலின் மூசையில் வடிகட்டி, அதனுடனேயே வெப்பப்படுத்தி, எடை மாறாநிலை அடையும் வரை எடையிட வேண்டும்.

தன்மதிப்பீடு

1. சல்பேட் அயனியின் செறிவு 0.02 M உள்ள சோடியம் சல்பேட் கரைசலில் லெட் சல்பேட்டின் மோலார் கரைதிறனைக் கணக்கிடுக. (விடை: 8 × 10⁻⁷ மோல்/லிட்டர்)
2. மேற்கண்ட சோடியம் சல்பேட் கரைசலால் வீழ்படிவைக் கழுவினால் கரைதல் இழப்பு குறையும். ஆயினும் சல்பியூரிக் அமிலத்தைக் காட்டிலும் அது தகுதி குறைந்த கழுவு திரவமாவது ஏன்? (குறிப்பு: வெப்பப்படுத்தும்போது எது ஆவியாகும், எது எஞ்சும் எனக் கருதுக.)