30 கிலோவுக்கும் 35 கிலோவுக்கும் நடுவே

எங்கள் ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் இரண்டரை கிலோ. பாரின் இரு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறிவிடும். 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது 5 சதவீதம்தான். தோளுக்கு மேல் 30 கிலோ தூக்குபவருக்கோ கிட்டத்தட்ட 17 சதவீதம்.

என்னோடு பயிற்சி செய்யும் நண்பர் அங்கேதான் மாட்டிக்கொண்டார். 30 கிலோவில் 8 முறை தூக்குவார். 35 போட்டால் இரண்டாவது ரெப்பிலேயே முதுகு பின்னால் வளையும். ஒரு பக்கம் மட்டும் பிளேட் மாட்டிப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார். கூடவே கூடாது, பார் சாய்ந்தால் தோளும் மணிக்கட்டும்தான் பலியாகும்.

எடையை அப்படியே விட்டுவிட்டு எண்ணிக்கையை ஏற்றுவது என்று முடிவானது. மூன்று செட்டிலும் சேர்த்து மொத்த ரெப்களை நோட்டில் எழுதினார். முதல் நாள் 8, 7, 6 என 21. அடுத்த முறை எந்த செட்டிலாவது ஒன்று கூடினால் போதும். ஏன் இது வேலை செய்கிறது? பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் எப்லி சூத்திரப்படி, 30 கிலோவை 8 முறை தூக்குபவரால் 35 கிலோவை இரண்டு மூன்று முறைதான் தூக்க முடியும். 12 முறை தூக்கும் நிலை வந்தால், 35-இல் 6 முறை வரும். ஆகவே 12 அவருக்கு வாசற்படி.

பத்தில் முன்னேற்றம் நின்றது. அப்போதுதான் வேகத்தைக் கையில் எடுத்தார். மூன்று எண்ணியபடி பாரை இறக்கி, கழுத்தெலும்பருகே ஒரு நொடி நிறுத்தி, பிறகு தள்ளுவது. முதல் நாள் 6 ரெப்தான் வந்தது. சில வாரங்களில் அது 9 ஆனதும் வழக்கமான வேகத்துக்குத் திரும்பினார். 12 வந்துவிட்டது.

களைத்த பிறகு மூன்று எண்ணுவது ஒன்றரை நொடியாகச் சுருங்கிவிடும். கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் தெரியும். பார் பாதி தூரமே இறங்கினாலும், முழங்கால் மடக்கி உந்தினாலும் அந்த ரெப்பை எண்ணக் கூடாது. எண்ணிக்கையைக் கூட்டும்போது இந்தக் கள்ளத்தனம் நம்மை அறியாமலே நுழையும்.

2022-இல் வெளியான 8 வார ஆய்வு ஒன்றில், எடையை ஏற்றியவர்களுக்கும் ரெப்பை ஏற்றியவர்களுக்கும் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆனால் மெதுவாக இறக்குவதையே மாதக்கணக்கில் தொடர வேண்டாம். கனத்த எடையைத் தூக்கும் பலம் அதைத் தூக்கித்தான் வரும்.

நண்பர் 35 கிலோவைப் போட்ட முதல் நாளில் 5, 5, 4 எடுத்தார். நோட்டில் புதுப் பக்கத்தின் முதல் எண் 14.