சொல்லின் வாலும் சொல்லின் உடலும்

கொரியாவின் சுவோன் நகரில் நாங்கள் குடியேறிய முதல் மாதத்தில், சமையலறை அலமாரியில் நின்ற ஒரு குழம்புப் புட்டியின் மேல்தாளை வாசிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. கொரிய எழுத்துகளைக் கூட்டி உச்சரிக்கும் அளவுக்கு அப்போது பயின்றிருந்தேன். கையில் ஓர் அச்சு அகராதியும் இருந்தது. தாளில் கண்ட முதல் சொல் 사과와, அதாவது 'சாக்வாவா'. அகராதியில் அப்படி ஒரு சொல் இல்லை. '와' (வா) என்பது 'உம்' என்று பொருள்படும் உருபு என்பதை எங்கோ படித்திருந்தபடியால் அதை நீக்கினேன். எஞ்சியது 사과 (சாக்வா). ஆனால் '과' (க்வா) என்பதும் அதே 'உம்' பொருளுடைய உருபு என்று படித்திருந்தேனாதலால், அதையும் நீக்கிவிட்டு, எஞ்சிய 사 (சா) என்பதை அகராதியில் தேடினேன். 'நான்கு' என்று கிடைத்தது. அடுத்த சொல் 배를 (பேருல்). அதன் இறுதியிலிருந்த 를 (ருல்) நம் 'ஐ' போன்ற உருபு. அதை விலக்கி 배 (பே) என்று தேடினால் வயிறு, கப்பல், பேரிக்காய் எனப் பல பொருள்கள் நின்றன. நான்கும் கப்பலும் சேர்ந்த குழம்பு எது என்று நெடுநேரம் விளங்காமல் அமர்ந்திருந்தேன்.

கீழ்வீட்டில் வசித்த மூதாட்டி ஒருவர், நான் புட்டியைக் காட்டிக் கேட்டபோது, 사 என்ற எழுத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்து, இங்கே 'பாட்சிம்' ஏதும் இல்லையே, இதன்பின் 과 எப்படி வரும் என்று வினவினார். பாட்சிம் என்றால் தாங்கி என்று பொருள். எழுத்துக்கட்டத்தின் அடியில் நின்று மேலே உள்ளதைத் தாங்கும் மெய்யெழுத்துக்கு அதுவே பெயர். அந்த ஒரு வினாவில் பொதியுறைகளை வாசிக்கும் வித்தையின் பெரும்பகுதி அடங்கியிருந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். சாக்வா என்பது ஆப்பிள். பே என்பது அவ்விடத்தில் பேரிக்காய். ஆப்பிளையும் பேரிக்காயையும் அரைத்துச் சேர்த்த, இறைச்சியை ஊறவைக்கும் குழம்பு அது.

தமிழ் அறிந்தவனுக்குக் கொரிய மொழியின் இந்த அமைப்பு அந்நியமன்று. பெயர்ச்சொல்லின் இறுதியில் உருபு ஒட்டி நிற்பதும், அதைப் பிரித்தாலன்றி அகராதியில் சொல் அகப்படாது என்பதும் நமக்குப் பழக்கமான விஷயங்களே. 'மரத்தை' என்று அகராதியில் தேடுகிறவர் நம்மில் யாரும் இல்லை. ஆயினும் இரு மொழிகளுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. தமிழில் உருபு சேரும்போது மரம் 'மரத்து' என்று உருமாறுகிறது. கொரிய எழுத்து வழக்கிலோ, பொதியுறைகளில் வரும் பெயர்ச்சொற்கள் உருபு சேர்ந்தாலும் தம் வடிவத்தை இழப்பதில்லை. 1933-ஆம் ஆண்டில் கொரிய மொழிக் கழகத்தார் வகுத்த எழுத்து முறையின் அடிப்படைக் கொள்கைகளில் இதுவும் ஒன்று. 'குளிர்ந்த இடத்தில்' என்னும் தொடரில் வரும் 곳에 என்பதைக் காதால் கேட்டால் 'கோசே' என்றிருக்கும். இடம் என்று பொருள்படும் 곳 தனித்து நிற்கையில் 'கோத்' என்று ஒலிக்கும். ஒலி இவ்வாறு மாறினும் எழுத்தில் 곳 அப்படியே நிற்கிறது. ஆகையால் செவியை நம்பாமல் கண்ணை நம்பிப் பிரிக்க வேண்டும் என்பது நான் கற்ற முதற்பாடம். உருபைச் சரியாக வெட்டிவிட்டால் எஞ்சுவதை எவ்விதத் திருத்தமும் இன்றி அகராதியில் தேடலாம்.

சரியாக வெட்டுவது எங்ஙனம் என்பதே அடுத்த வினா. கொரிய உருபுகளில் அடிக்கடி வருபவை இரட்டைகளாக உள்ளன. எழுவாயைச் சுட்டும் 은, 는 (உன், நுன்) ஓர் இரட்டை; 이, 가 (இ, கா) மற்றோர் இரட்டை; இரண்டாம் வேற்றுமைக்கு 을, 를 (உல், ருல்); 'உம்' பொருளுக்கு 과, 와. ஒவ்வோர் இரட்டையிலும் முதலில் நிற்பது மெய்யீற்றுச் சொல்லுக்கும், அடுத்து நிற்பது உயிரீற்றுச் சொல்லுக்கும் உரியவை. உயிரீறு, மெய்யீறு என்னும் நன்னூல் வழக்கு இங்கே நமக்கு நேராக உதவுகிறது. ஆகவே ஒரு சொல்லின் இறுதியில் உருபு போன்ற எழுத்தைக் கண்டால், உடனே அதை வெட்டாமல், அதற்கு முந்திய எழுத்தின் அடியில் தாங்கி உண்டா என்று பார்க்க வேண்டும். உருபுக்கும் தாங்கிக்கும் பொருத்தம் இல்லையெனில், அது உருபே அன்று, சொல்லின் உறுப்பு என்று துணியலாம்.

வெள்ளரிக்காய்க்குக் கொரியச் சொல் 오이 (ஓஇ). இறுதியில் 이 இருக்கிறது, ஆனால் முந்திய 오 உயிரீறு, உயிரீற்றின்பின் 이 வராது, ஆகவே வெட்டலாகாது. வெட்டியிருந்தால் 'ஐந்து' என்னும் சொல் கையில் நின்றிருக்கும். பல உறைகளில் காணும் 첨가 (சொம்கா), அதாவது 'சேர்ப்பு' என்பதில், 첨 மெய்யீறு; மெய்யீற்றின்பின் 가 வராது; ஆகவே அதுவும் முழுச்சொல். சாக்வாவா என்ற என் முதற்சொல்லில் இந்தப் பரீட்சை இருமுறை பயன்பட்டிருக்கும்: 과 உயிரீறாதலால் அதன்பின் 와 வருவது முறை, வெட்டலாம், 사 உயிரீறாதலால் அதன்பின் 과 வருவது முறையன்று, அங்கே நிறுத்த வேண்டும்.

தாங்கியைப் பார்க்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொரிய எழுத்தில் வட்டக் குறி கட்டத்தின் முதலிடத்தில் நின்றால் அதற்கு ஒலியில்லை. அடியில் நின்றால் 'ங்' என்னும் மெய்யாகும். வேர்க்கடலை என்று பொருள்படும் 땅콩 (தாங்கோங்) என்பதன் அடியில் உள்ள வட்டம் உண்மையான மெய்யே. அதனால்தான் அச்சொல் 땅콩을 என்று மெய்யீற்று உருபை ஏற்கிறது. வட்டத்தை வெறுமை என்று எண்ணியதால் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன்.

இந்தப் பரீட்சை எங்கும் செல்லுபடியாகும் என்று சொல்ல மாட்டேன். இரட்டையில்லாத உருபுகள் சில உள்ளன: 'இல்' என்னும் 에 (எ), 'உடைய' என்னும் 의 (உய்), எச்சவும்மை போன்ற 도 (தோ) ஆகியவை எவ்வீற்றின் பின்னும் வரும். திராட்சை 포도 (போதோ) எனப்படும்; எச்சரிக்கை 주의 (சூய்) எனப்படும். இவற்றின் இறுதி உருபுபோலவே தோன்றும். தாங்கி நமக்குச் சாட்சி சொல்லாது. இத்தகைய இடங்களில் நான் கைக்கொள்ளும் நியமம் எளியது. முதலில் முழுச்சொல்லையும் வெட்டாமல் அகராதியில் தேடுவேன். அது கிடைக்காதபோது மட்டுமே இறுதியிலிருந்து வெட்டத் தொடங்குவேன். வெட்டும்போது நீண்ட உருபை முதலில் முயல்வேன். உருபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருவதும் உண்டு. 'திறந்தபிறகோ' என்னும் கருத்தில் வரும் 개봉 후에는 (கேபோங் ஹூஎநுன்) என்பதில் 는, அதற்கு முன் 에 என்று வலமிருந்து இடமாக உரித்தால் 후, அதாவது 'பின்' என்னும் சொல் எஞ்சும்.

இன்னொரு மயக்கம் வினையால் நேர்வது. 은, 는 என்பவை பெயர்க்கு உருபாவதோடு, பெயரெச்ச விகுதியாகவும் வரும். கொதிக்கும் நீரைக் குறிக்கும் 끓는 물 (க்குல்நுன் முல்) என்பதில் 끓 மெய்யீறு. மெய்யீற்றின்பின் 는 உருபாக வராது. ஆகவே இது வினை என்று தாங்கியே காட்டிக்கொடுக்கிறது. அப்போது வெட்டிய இடத்தில் 다 (தா) என்னும் விகுதியைச் சேர்த்து 끓다 என்று தேட வேண்டும்; கொரிய அகராதியில் வினைச்சொற்கள் எல்லாம் 다 என்றே முடிகின்றன. மெய்யீற்றின்பின் 은 வருமிடத்தில் இந்த உதவி கிட்டாது. அங்கே எஞ்சிய பகுதி பெயராகக் கிடைக்கவில்லை என்றால், 다 சேர்த்துப் பார்ப்பதே உபாயம்.

இவையனைத்தும் எனக்கு உண்மையிலேயே அவசியமானது இறால் விஷயத்தில். என் மனைவியின் உடம்புக்கு இறால் ஒவ்வாது. உண்டால் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகும். ஒருநாள் ஒரு பிஸ்கட் உறையில் 새우 (சேஉ), அதாவது இறால் என்ற சொல்லைக் கண்டு, அந்த வாக்கியம் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிரித்தேன். கொரிய உறைகள் பலவற்றில் ஏறக்குறைய இதே வடிவில் இது வரும்:

이 제품은 새우, 게, 땅콩을 사용한 제품과 같은 제조시설에서 제조하고 있습니다.

முதலில் நிற்கும் 이 இடம்விட்டுத் தனித்து நிற்பதால் உருபன்று. 'இந்த' என்னும் சுட்டு. 제품은 என்பதில் 품 மெய்யீறு, 은 பொருந்துகிறது. வெட்டினால் 제품 (ஜெபும்), உற்பத்திப் பொருள். இறாலும், 게 (கெ) என்னும் நண்டும் உருபின்றி நிற்கின்றன. பட்டியலின் கடைசிச் சொல்லாகிய வேர்க்கடலைமேல் மட்டும் 을 ஏறி, மூன்றையும் ஒருசேர ஆள்கிறது. 사용한 என்பதில் 사용 (சாயோங்) 'உபயோகம்'. 한 என்பது 'செய்' என்று பொருள்படும் 하다 (ஹாதா) என்னும் வினையின் எச்சம். 제품과 என்பதில் 과 முறையாகப் பொருந்துகிறது, வெட்டலாம். அடுத்த 같은 (காத்துன்) மெய்யீற்றின்பின் 은 கொண்டு உருபேற்ற பெயர்போல் நிற்கிறது. ஆனால் 같 என்ற பெயர் இல்லை. 같다 என்று தேடினால் 'ஒத்திரு' என்று கிடைக்கிறது. 제조시설에서 என்பதில் நீண்ட உருபாகிய 에서 (எசொ), 'இடத்தில் வைத்து' என்பதை முழுவதுமாக வெட்ட, 제조시설 எஞ்சுகிறது. அது உருபால் ஆனதன்று. உற்பத்தி, கூடம் என்னும் இரு பெயர்கள் இடைவெளியின்றி ஒட்டிய தொகை. 제조, 시설 எனத் தனித்தனியே தேட வேண்டும். இறுதியில் மீண்டும் 제조. அதோடு 'இரு' என்னும் 있다.

சொற்களை மட்டும் கூட்டினால் இறால், நண்டு, கடலை, உற்பத்தி என்று கிடைக்கும். அப்படி வாசிப்பவர் இதில் இறால் கலந்திருக்கிறது என்றே முடிவு செய்வார். வெட்டி எடுத்த உருபுகளைத் திரும்பவும் அவற்றின் இடத்தில் வைத்து வாசித்தால்தான், இப்பொருள் இறால், நண்டு, வேர்க்கடலை ஆகியவற்றை உபயோகித்த பொருள்களோடு ஒரே கூடத்தில் செய்யப்படுகிறது என்னும் உண்மைப் பொருள் தெளிவாகும். கலந்திருந்தால் கொரிய உறையில் 함유 (ஹாம்யு), 'அடங்கியுள்ளது' என்ற சொல் உணவுப் பெயர்களின் முடிவில் வேறாக நிற்கும். இரண்டும் வெவ்வேறு அளவிலான அபாயங்கள். எதைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு இந்தப் பேதம் தெரிந்தாக வேண்டும்.

அன்றுமுதல் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பத்திகள் வகுத்தேன். இடப்பக்கத்தில் அகராதியில் தேடும் உடல்; வலப்பக்கத்தில் வெட்டிய வால். வெட்டியதை எறிந்துவிடாமல் அங்கே எழுதிவைத்தபடியால், காலாவதிக் கட்டத்தில் 표기일까지 (ப்யோகிஇல்காஜி) என்று கண்டபோது, குறித்த நாள் என்னும் சொல்லோடு, 'வரை' என்னும் 까지 வலப்பக்கத்தில் நின்று, அந்நாளும் உட்பட உண்ணலாம் என்பதை எனக்குச் சொல்லிற்று. பிஸ்கட்டை அன்று நாங்கள் வாங்கவில்லை. தாளில் எழுதிய அந்த வாக்கியத்தை மட்டும் மனைவி சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். கடைக்குப் புறப்படுமுன் இருவரும் அதை ஒருமுறை வாசிப்பது வழக்கமாயிற்று.