எந்தத் தளம்? எந்த விங்?

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு கடையைக் கண்டுபிடிப்பது எளிது. "மிளகு மண்டிக்கு எதிரே", "பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்" என்று கேட்டுக்கொண்டே போகலாம். கடை தெருவைப் பார்த்தபடி இருக்கும். வாசலில் நின்றாலே உள்ளே இருப்பவர் தெரிவார்.

காக்கநாடு அப்படி இல்லை. இதுவும் கொச்சியைச் சேர்ந்த இடம்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள சிவில் ஸ்டேஷன் இங்கே இருக்கிறது. 2004இல் தொடங்கிய இன்போபார்க்கும் இங்கே இருக்கிறது. பல மாடிக் கட்டடங்கள் நிறைய உண்டு. ஒரே கட்டடத்தில் ஐம்பது அலுவலகங்கள்கூட இருக்கலாம். தெருவில் நின்று பார்த்தால் ஒன்றின் பெயரும் தெரியாது.

இன்போபார்க்கில் மட்டும் அதுல்யா, தபஸ்யா, விஸ்மயா என்று பல கட்டடங்கள் உள்ளன. "இன்போபார்க்கில் ஆபீஸ்" என்று சொன்னால் போதாது. கட்டடத்தின் பெயர் வேண்டும். அதற்குப் பிறகு தளம் வேண்டும், விங் வேண்டும், கதவு எண்ணும் வேண்டும். இந்த நான்கையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாடத்தில் தளத்தையும் விங்கையும் உறுதி செய்துகொள்ளும் முறையைப் பார்ப்போம்.

தளத்தை எப்படி எண்ணுவது?

தரையோடு இருக்கும் தளம் தரைத்தளம். லிப்டில் இதற்கு G என்ற எழுத்து இருக்கும். சில லிப்டுகளில் 0 என்று இருக்கும். அதற்கு மேலே உள்ளது முதல் தளம். லிப்டில் அது 1. அதற்கும் மேலே உள்ளது இரண்டாம் தளம். லிப்டில் அது 2.

நம் நாட்டில் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இது இங்கிலாந்து வழக்கம். அமெரிக்காவில் தரைத்தளத்தையே முதல் தளம் என்று சொல்வார்கள். நம் பேச்சிலும் இந்தக் குழப்பம் உண்டு. சிலர் கீழே உள்ளதையும் சேர்த்து எண்ணி "மூணாவது மாடி" என்பார்கள். அவர்கள் சொல்லும் இடத்துக்கு லிப்டில் 2ஐ அழுத்த வேண்டும். வேறு சிலர் கீழே உள்ளதை விட்டுவிட்டு "மூணாவது மாடி" என்பார்கள். அவர்கள் சொல்லும் இடத்துக்கு 3ஐ அழுத்த வேண்டும். சொல் ஒன்றுதான். போய்ச் சேரும் இடம் வேறு.

ஆகவே "எத்தனையாவது மாடி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "லிப்டில் எந்த எண்ணை அழுத்த வேண்டும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும்.

காக்கநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டாஞ்சேரி சமதரை. காக்கநாடு மேடும் பள்ளமும் உள்ள இடம். சரிவில் கட்டிய கட்டடத்துக்கு முன்வாசல் ஒரு தளத்திலும் பின்வாசல் அதற்குக் கீழ்த் தளத்திலும் இருக்கலாம். அப்படிப்பட்ட கீழ்த் தரைத்தளத்துக்கு லிப்டில் LG என்று போட்டிருப்பார்கள். B1 என்றால் பூமிக்கு அடியில் உள்ள தளம். அங்கே பெரும்பாலும் வண்டிகள் நிற்கும்.

பின்வாசல் வழியாக நுழைந்து, நின்ற இடத்திலிருந்து மூன்று தளம் ஏறினால் எங்கே போவீர்கள்? LGயிலிருந்து G ஒன்று, முதல் தளம் இரண்டு, இரண்டாம் தளம் மூன்று. நீங்கள் நிற்பது இரண்டாம் தளத்தில். ஆனால் "மூன்று ஏறிவிட்டேன்" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே நுழைந்த வாசலிலிருந்து எண்ணக்கூடாது. லிப்டில் உள்ள எண்ணையோ படிக்கட்டின் சுவரில் எழுதியுள்ள எண்ணையோ பார்க்க வேண்டும்.

மிக உயரமான சில கட்டடங்களில் 13 என்ற எண்ணே இருக்காது. 12க்கு அடுத்து 12A என்றோ 14 என்றோ இருக்கும். 13 ஆகாத எண் என்று நினைப்பவர்கள் செய்யும் வேலை இது. கொச்சியில் கேரள உயர்நீதிமன்றத்தின் புதிய கட்டடம் 2006இல் திறக்கப்பட்டது. அங்கே நீதிமன்ற அறைகளுக்கு எண் போட்டபோது 13ஐ விட்டுவிட்டார்கள். அதை எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. ஆகவே எண்கள் எப்போதும் வரிசையாகத்தான் வரும் என்று நம்பிவிட வேண்டாம். எழுதியிருப்பதைப் படியுங்கள்.

விங் என்றால் என்ன?

பறவைக்கு இரண்டு சிறகு இருப்பது போல, பெரிய கட்டடத்துக்குப் பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு விங். A விங், B விங் என்று எழுத்தால் குறிப்பார்கள். கிழக்கு விங், மேற்கு விங் என்றும் சொல்வதுண்டு.

ஒவ்வொரு விங்குக்கும் தனி லிப்ட் இருக்கலாம். A விங் லிப்டில் ஏறி மூன்றாம் தளத்துக்குப் போனால், அங்கிருந்து B விங்குக்கு வழி இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் சுவர் இருக்கலாம். பூட்டிய கண்ணாடிக் கதவும் இருக்கலாம். அதற்குள் போக அட்டை வேண்டும்.

விங் மாறிவிட்டால் லிப்டில் மறுபடியும் தரைத்தளத்துக்கு வாருங்கள். சரியான விங்குக்கு நடந்து போய், அங்குள்ள லிப்டில் ஏறுங்கள். குறுக்கு வழி தேடித் தீ விபத்துக்கான படிக்கட்டில் நுழையாதீர்கள். பல கட்டடங்களில் அந்தக் கதவு படிக்கட்டுப் பக்கத்திலிருந்து திறக்காது. கீழே தரைவரை இறங்கித்தான் வெளியே வர முடியும். ஆனால் தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். அப்போது லிப்டில் ஏறக்கூடாது.

கதவு எண்ணைப் படித்தல்

பெரும்பாலான கட்டடங்களில் கதவு எண்ணின் முதல் பகுதி தளத்தைக் காட்டும். 304 என்றால் மூன்றாம் தளத்தில் நான்காவது அறை. 1004 என்றால் பத்தாம் தளத்தில் நான்காவது அறை. 3B-07 என்றால் மூன்றாம் தளம், B விங், ஏழாம் அறை.

சில மால்களில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். G-23 என்றால் தரைத்தளம். F-23 என்றால் முதல் தளம். S-23 என்றால் இரண்டாம் தளம். கடை எண் 23 என்று மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு 23 இருக்கலாம்.

ஓர் உதாரணம்

துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஒப்பந்தக்காரரின் அலுவலகம் காக்கநாட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் பணம் கிடைக்கும். தவறினால் அடுத்த மாதம்தான். கூட வேலை செய்பவர், "அது மூணாவது மாடி" என்று சொல்லியிருந்தார். அக்கா அதோடு விடவில்லை. முதல் நாளே அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"சார், உங்க ஆபீஸ் எந்த டவர்?"

"இரண்டாம் டவர், சேச்சி."

"எந்த விங்?"

"B விங்."

"லிப்டில் எந்த நம்பரை அழுத்தணும்?"

"மூணு. இறங்கினதும் வலது பக்கம்."

"கதவு நம்பர் சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்."

"3B-07."

"நான் திருப்பிச் சொல்றேன், சரியா பாருங்க. இரண்டாம் டவர், B விங், லிப்டில் மூணு, கதவு 3B-07."

"அதேதான், சேச்சி."

அக்கா அதைத் தாளில் எழுதிக்கொண்டார். அலுவலகத்தின் போன் எண்ணையும் அதிலேயே எழுதினார்.

மறுநாள் வாசலில் காவலாளி நிறுத்தினார். "ஏது நிலயிலா?" என்று மலையாளத்தில் கேட்டார். நில என்றால் தளம். தாழத்தெ நில என்றால் தரைத்தளம். ஒன்னாம் நில என்றால் முதல் தளம். அக்கா தாளைப் பார்த்து, "மூன்னாம் நில, B விங்" என்றார். காவலாளி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார். பதிவேட்டில் எழுதிக்கொண்டு பாஸ் கொடுத்தார்.

தரைத்தளத்தில் பெயர்ப்பலகை இருந்தது. எந்தத் தளத்தில் எந்த அலுவலகம் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரரின் பெயருக்கு நேரே 5A-02 என்று இருந்தது. அக்கா திகைத்தார். வரவேற்பு மேசையில் தாளைக் காட்டிக் கேட்டார். "அவங்க B விங்குக்கு மாறிட்டாங்க. பலகையை இன்னும் மாத்தலை" என்று பதில் வந்தது.

அலுவலகங்கள் இடம் மாறும். பலகை அப்படியே இருக்கும். பலகையும் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் வரவேற்பு மேசையில் கேளுங்கள். அங்கே யாரும் இல்லை என்றால் அலுவலகத்துக்கே போன் செய்யுங்கள்.

அக்கா அருகில் இருந்த லிப்டில் ஏறி 3ஐ அழுத்தினார். இறங்கியதும் கதவைப் பார்த்தார். அதில் 3A-07 என்று இருந்தது. தளம் சரி. அறை எண்ணும் சரி. நடுவில் உள்ள எழுத்து மட்டும் வேறு. அவர் ஏறியது A விங் லிப்ட். கதவைத் தட்டாமல் தரைத்தளத்துக்கு வந்தார். "B" என்று எழுதிய பக்கத்துக்கு நடந்து போய், அங்கே லிப்டில் ஏறினார். 3B-07இல் கையெழுத்துப் போடும்போது மணி பன்னிரண்டரை.

நினைவில் வைக்க

1. கட்டடம், விங், தளம், கதவு எண் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. லிப்டில் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று கேளுங்கள்.

3. கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

4. கதவைத் தட்டும் முன் அதில் உள்ள எண்ணையும் எழுத்தையும் தாளோடு ஒப்பிடுங்கள்.

பயிற்சி

ஒரு தாளில் இப்படி எழுதியிருக்கிறது: முதல் டவர், 5A-11.

1. லிப்டில் எந்த எண்ணை அழுத்த வேண்டும்?

2. எந்த விங் லிப்டில் ஏற வேண்டும்?

3. பின்வாசல் வழியாக LG தளத்தில் நுழைகிறீர்கள். படியேறிப் போனால் எத்தனை தளம் ஏற வேண்டும்?

4. நீங்கள் நின்ற கதவில் 5B-11 என்று இருக்கிறது. இனி என்ன செய்வீர்கள்?

விடை: 1. ஐந்து. 2. A விங். 3. ஆறு தளம். LGயிலிருந்து Gக்கு ஒன்று, அங்கிருந்து ஐந்து. 4. தரைத்தளத்துக்கு வந்து A விங் லிப்டில் ஏற வேண்டும்.