முதல் பெஞ்ச்சா, சன்னலோரமா?

காது சரியாகக் கேட்காத பிள்ளை திருநகர்ப் பக்கத்துச் சாதாரணப் பள்ளி ஒன்றில் சேர்ந்தால், முதல் பெஞ்ச் நடுவில் உட்காரவைப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கிருந்து பார்த்தால் டீச்சரின் தாடைதான் தெரியும். பின்னால் பதில் சொல்பவன் யாரென்றும் தெரியாது.

இடம் பார்ப்பதற்கு முன், பிள்ளை எதை நம்பிப் பாடம் கேட்கிறது என்று பாருங்கள். பழகிய பத்துச் சொற்களை இயல்பான குரலில் சொல்லி, திருப்பிச் சொல்லவிடுங்கள். முதலில் வாயை மெல்லிய துணியால் மறைத்து, பிறகு மறைக்காமல். மறைத்தபோதும் எட்டு சரியென்றால் காது வேலை செய்கிறது. மறைத்தால் மூன்று, மறைக்காவிட்டால் எட்டு என்றால் உதட்டைப் படிக்கிறது. உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. ‘படம்’, ‘மடம்’ இரண்டும் உதட்டில் ஒன்றுதான்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வலது காது கொஞ்சம் தேவலை என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சன்னல். அவளுக்கு இரண்டாம் வரிசை, இடது ஓரம். நல்ல காது வகுப்பை நோக்கியிருக்கும், வெளிச்சம் டீச்சர் முகத்தில் விழும், லேசாகத் திரும்பினால் மற்றவர்களும் தெரிவார்கள். டீச்சர் சன்னலை முதுகில் வைத்து நின்றால் முகம் இருண்டு எல்லாம் வீண். தூரம் இருமடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். காது மெஷின் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். சன்னல் பஸ் ரோட்டைப் பார்த்தால், அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போடலாம்.

உதட்டைப் பார்த்துக்கொண்டே எழுத முடியாது. அதனால் பக்கத்துத் தோழி கார்பன் தாள் வைத்து எழுதி ஒரு பிரதி கொடுக்கட்டும். வாரம் ஒருத்தியாக மாற்றுங்கள். கேள்வி கேட்டதும் பிள்ளை உங்களைப் பார்க்காமல் தோழியைப் பார்த்தால், பாடம் நடத்துவது தோழிதான் என்று பொருள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடும். “என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள்.

அந்தச் சொல் சோதனையில் துணியை எடுத்த பிறகும் பத்தில் மூன்று நான்குதான் சரி என்றால், முதலில் மெஷினின் பேட்டரியைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தும் அப்படியே என்றால் சைகை மொழி வேண்டும். பெஞ்ச்சை மாற்றிப் பயனில்லை. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் பத்தாயிரம் சொல் கொண்ட வீடியோ அகராதி வெளியிட்டது. அதைப் பார்த்து வகுப்பே சில சைகைகள் பழகலாம். ஆனால் சைகைக்கு இலக்கணம் தனி. தமிழ் வாக்கியத்துக்குச் சொல்லுக்குச் சொல் கையாட்டினால் அது சைகை மொழி ஆகாது. பேச ஆளில்லாத மொழி வளராது. வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருவார், அவருக்குச் சைகை தெரியுமா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், வீடு தூரமானாலும் பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி போன்ற இடமே என் தேர்வு. அங்கே இடைவேளையிலும் பிள்ளையோடு பேச ஆளிருக்கும்.