சிவப்புக் காரை மஞ்சளாக்குவது எப்படி?

ஃபோட்டோஷாப்பில் நிறம் மாற்றப் பலரும் Hue/Saturation-ஐ எடுத்து Hue முள்ளை நகர்த்துவார்கள். சிவப்பிலிருந்து நீலத்துக்கு ஓரளவு ஒப்பேறும். மஞ்சளுக்குப் போனால் பல்லிளித்துவிடும். கண்ணுக்குச் சிவப்பு இருண்ட நிறம், மஞ்சள் வெளிச்சமான நிறம். சிவப்பின் இருட்டிலேயே மஞ்சளைப் பூசினால் வருவது சேற்றுப் பழுப்புதான். ஆகவே முதலில் வெளிச்சம், பிறகு நிறம்.

பென் டூலால் காரின் தகட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி, விளக்கு, டயர், நம்பர் பிளேட் எல்லாம் வெளியே. ஒரு லேயர் குரூப் தொடங்கி, அந்தத் தேர்வை அதற்கு மாஸ்க் ஆக்கி, மாஸ்க்கின் விளிம்பை அரை பிக்சல் அளவுக்கு மென்மையாக்குங்கள். இனி வரும் லேயர்கள் எல்லாம் இந்த குரூப்புக்குள்ளேயே.

முதலில் Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயர். தகட்டின் சிவப்பு 190, 20, 25 என்று வைத்துக்கொள்வோம். Reds அளவை 100-க்கு அருகே ஏற்றினால் அது 190-ஐ ஒட்டிய வெளிர் சாம்பலாகும். வெள்ளை மினுக்கமும் கதவிடுக்கின் கருப்பும் அசையாது, ஏனென்றால் அவற்றில் சிவப்புச் சாயல் இல்லை. Hue முள்ளால் ஆகாத காரியம் இது. வானத்தின் பிரதிபலிப்பில் கலந்திருந்த இளஞ்சிவப்பும் இதிலேயே போய்விடும்.

அதற்கு மேல் Solid Color லேயர்: 245, 190, 20. பிளெண்ட் மோடு Color. இப்போது கார் மஞ்சள், ஆனால் பிரதிபலிப்பும் மஞ்சள். நிஜக் காரில் நிறம் அடியில் இருக்கிறது. மேலே இருப்பது நிறமற்ற கிளியர்கோட். அதில் தெரியும் வானத்துக்குப் பெயின்ட்டின் சாயல் ஒட்டாது. எனவே அந்த லேயரை இரட்டைச் சொடுக்கி, Blend If பகுதியில் Underlying Layer-இன் வெள்ளை முள்ளை Alt அழுத்தியபடி இரண்டாகப் பிரித்து, 210-இலும் 245-இலும் வையுங்கள். மினுக்கத்தின் மையத்தில் ஐட்ராப்பரை வைத்தால் மூன்று எண்களும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்.

மடிப்பும் வளைவும் தட்டையாகத் தெரிந்தால் சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். அது 255-இல் முட்டி நின்றால் விவரம் அங்கே இல்லை. Reds-ஐ 60-க்கு இறக்கி, குறைந்த வெளிச்சத்தை Curves-ஆல் ஈடுகட்டலாம். ஓரளவுதான் மீளும்.

காருக்கடியில் தரையில் விழுந்த சிவப்புச் சாயலை மறக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். குரூப்புக்கு வெளியே ஒரு Hue/Saturation லேயரில் Reds-ஐத் தேர்ந்து, அந்த இடத்தில் மட்டும் சாயலைக் குறையுங்கள்.

சோபாவுக்கும் இதே வழிதான். துணி மங்கலானதென்றால் Blend If வேண்டாம். ஜன்னலோரத் திரைச்சீலைக்கும் வேண்டாம்: துணியை ஊடுருவி வரும் வெயில் அதன் சாயத்தை வாங்கிக்கொண்டே வரும். வெள்ளைச் சோபாவைக் கருப்பாக்க மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள். வெளிச்சத்தை அவ்வளவு இறக்கினால் மடிப்புகள் இருட்டில் கரைந்துவிடும்.