மல்லிக்குக் கவாத்து, உங்களுக்குக் காசு

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் 2 மாடும் கொஞ்சம் இடமும் உண்டு. மண்புழு உரம் தயாரித்தால் எப்போது காசு பார்க்கலாம்?

பதில்: மூன்று மாதம் ஆகும். பச்சைச் சாணத்தில் புழு விட்டால் சூட்டிலேயே செத்துவிடும். முதலில் 15–20 நாள் ஆறவிடுங்கள். புழு விட்டபின் 45–60 நாள். உரம் தேயிலைத்தூள்போல் உதிர்ந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். சில நாளில் புழு கீழே இறங்கும், மேலுரத்தை வழித்துச் சலிக்கலாம்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் நவம்பர் கடைசியில், மல்லிக்குக் கவாத்து செய்து உரம் வைக்கும் நேரத்தில், சரக்கு கையில் இருக்கும். ஆனால் பூ விவசாயி மூட்டைக் கணக்கில் வாங்குவதால் விலையை அடித்துப் பேசுவார். மாடித்தோட்டக்காரர் வாங்குவது ஐந்து கிலோதான் என்றாலும் விலை கூடுதல். முதல் சரக்கு அவருக்கே. சித்திரை வெயிலில் மட்டும் தொடங்காதீர்கள், புழு தாங்காது.