வீடியோவை நீக்கிவிட்டீர்கள், பரவிய நகல்கள் என்ன ஆகும்?

நம் கைப்பேசியில் எடுத்து நாமே போட்ட வீடியோதானே, வேண்டாம் என்றால் நீக்கிவிட்டால் போச்சு என்று பலரும் நினைக்கிறோம். பத்து பேர் பார்த்த வீடியோவுக்கு அது சரி. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்த பிறகு நீக்கினால், சில இடங்களில் அது உடனே மறையும், சில இடங்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எங்கே மறையும், எங்கே மறையாது, மறையாத இடத்தில் யார் யாரிடம் புகார் செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பென்னாகரம் பேருந்து நிலையத்தில் அழுகிற குழந்தையை ஒரு மூதாட்டி இழுத்துக்கொண்டு போகிறார். சந்தேகப்பட்ட நீங்கள் அதைப் படம் பிடித்து, ‘குழந்தை கடத்தலா? உஷார்!’ என்ற தலைப்போடு யூடியூபில் போடுகிறீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்புகிறீர்கள். மாலையில் உண்மை தெரிகிறது. அவர் அந்தக் குழந்தையின் பாட்டி. அதற்குள் வீடியோ தருமபுரி, பாலக்கோடு, அரூர் குழுக்களையெல்லாம் சுற்றிவிட்டது. ஒரு செய்தித் தளமும் அதைத் தன் பக்கத்தில் இணைத்துவிட்டது.

இது சின்ன விஷயம் இல்லை. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அந்த நாட்களில் குழந்தை கடத்தல் பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. நம் உதாரணத்தில் வரும் பாட்டி நாளைக்கு வேறு ஊரில் பேருந்தை விட்டு இறங்கும்போது, யாரோ ஒருவர் கைப்பேசியில் அந்த வீடியோ இருக்கும் என்பதுதான் ஆபத்து.

முதல் வேலை: Delete வேண்டாம், Private போடுங்கள்

பதற்றத்தில் எல்லோரும் செய்வது Delete. யூடியூபில் Delete செய்த வீடியோ திரும்பி வராது. அதற்குப் பதில் Private ஆக்கினால், உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு மட்டும், எப்போது போட்டது, எந்த முகவரியில் இருந்தது, எது மூலப்படம் என்ற ஆதாரம் கையில் இருக்கும். பின்னால் நகல்களை நீக்கச் சொல்லிக் கேட்கும்போதும், காவல்துறை விசாரித்தாலும் இது தேவைப்படும்.

யூடியூப் செயலியில் Your videos பகுதிக்குப் போய், வீடியோவின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Edit என்பதில் Visibility-ஐ Private என்று மாற்றிச் சேமியுங்கள். அங்கே Unlisted என்றும் ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். Unlisted என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான். இணைப்பு கையில் இருப்பவர்கள் எல்லோரும் தொடர்ந்து பார்க்கலாம். பரவிவிட்ட வீடியோவுக்கு அது பயன்படாது.

இணைப்பு வேறு, நகல் வேறு

அந்தச் செய்தித் தளம் உங்கள் வீடியோவை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. தன் பக்கத்தில் இப்படி ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறது:

```
<iframe src="https://www.youtube.com/embed/VIDEO_ID"></iframe>
```

இதை ஒரு ஜன்னல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் அவர்கள் வீட்டில் இருக்கிறது, காட்சி யூடியூபிலிருந்து வருகிறது. நீங்கள் Private ஆக்கியதும் காட்சி நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் வீடியோ இருந்த இடத்தில், இது கிடைக்கவில்லை என்ற அறிவிப்புப் பெட்டிதான் தெரியும். அந்தத் தளத்திடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் யூடியூப் இணைப்பை அனுப்பியவர்களுக்கும் இதே கதிதான், தொட்டால் ஓடாது. ஃபேஸ்புக்கில் உங்கள் பதிவை Share பொத்தான் மூலம் பகிர்ந்தவர்களின் பக்கத்திலும், மூலப்பதிவை நீக்கியதும் வீடியோ போய்விடும்.

ஆனால் ஜன்னலைச் சுற்றியிருக்கும் சுவர் அப்படியே நிற்கும். செய்தித் தளத்தில் ‘கடத்தல் கும்பலா?’ என்ற தலைப்பும் அதன் கீழே எழுதிய வரிகளும் அவர்களுடையவை. வாட்ஸ்அப்பில் இணைப்போடு வந்த சிறு படமும் தலைப்பும் அந்தச் செய்தியிலேயே பதிந்துவிட்டன. வீடியோ ஓடாவிட்டாலும் பாட்டியின் முகமும் ‘உஷார்’ என்ற சொல்லும் அங்கே இருக்கும். எனவே செய்தித் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி, நடந்தது என்ன, தலைப்பை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை, இந்த மூன்றும் போதும்.

கூகுள் தேடலிலும் பழைய சிறு படமும் தலைப்பும் சில நாள் தெரியலாம். அதற்குக் கூகுளிடம் Refresh Outdated Content என்ற பக்கம் இருக்கிறது. நீக்கப்பட்ட பக்கத்தின் முகவரியை அங்கே கொடுத்தால், தேடல் முடிவைப் புதுப்பிப்பார்கள்.

நகல்கள்: இங்கேதான் சிக்கல்

யாராவது உங்கள் வீடியோவைத் தரவிறக்கித் தன் சேனலில் மறுபடி ஏற்றினாலோ, திரையைப் பதிவு செய்து அனுப்பினாலோ, அது தனிக் கோப்பு. உங்கள் வீடியோவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் நீக்கினாலும் அது நீங்காது.

வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பிய வீடியோ முழுக்க இந்த வகைதான். Delete for everyone என்பதை, அனுப்பிய பிறகு சுமார் 2 நாட்களுக்குள் பயன்படுத்தலாம். ஆனால் அது நீங்கள் அனுப்பிய அந்த ஒரு குழுவில் மட்டும்தான் நீக்கும். குழுவிலிருந்த ஒருவர் அதற்குள் இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருந்தால், அது அவர் அனுப்பிய செய்தி, உங்கள் கட்டளை அங்கே செல்லாது. கேலரியில் தனியாகச் சேமித்து வைத்தவரிடமும் இருக்கும். குழு நிர்வாகிகள் தங்கள் குழுவில் மற்றவர்கள் அனுப்பியதையும் நீக்க முடியும். எனவே எந்தெந்தக் குழுக்களில் பரவியது என்று தெரிகிறதோ, அந்த நிர்வாகிகளுக்கு நேரடியாகத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

நீக்குவதோடு நின்றுவிடாமல், அதே குழுக்களில் ஒரு மறுப்பும் அனுப்புங்கள். மூல வீடியோ மறைந்து நகல் மட்டும் சுற்றும்போது, அது தவறு என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ‘இன்ன தேதி, பென்னாகரம் பேருந்து நிலையத்தில் நான் எடுத்த வீடியோ தவறானது. அவர் அந்தக் குழந்தையின் பாட்டி. யாரும் பகிர வேண்டாம்’ என்று எழுத்தில் அனுப்பினால் போதும். மறுப்பில் பழைய வீடியோவையோ பாட்டியின் படத்தையோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் நீங்களே இன்னொரு முறை பரப்பியதாகிவிடும்.

யார் புகார் செய்யலாம்?

யூடியூபில் மறுபடி ஏற்றப்பட்ட நகலுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

முதலாவது பதிப்புரிமைப் புகார். படம் பிடித்தவர் நீங்கள், எனவே இதை நீங்கள்தான் செய்ய வேண்டும். படிவத்தில் உங்கள் மூல வீடியோவின் முகவரி, நகலின் முகவரி இரண்டையும் தர வேண்டும். Private ஆக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். அதே நகல் திரும்ப ஏறாமல் தடுக்கும்படி கேட்கும் வசதியும் அந்தப் படிவத்தில் உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உரிமையாளர் என்று நீங்கள் கொடுக்கும் பெயர், நீக்கப்பட்ட வீடியோ இருந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது தனியுரிமைப் புகார். இதைப் படத்தில் இருக்கிற ஆள்தான் செய்ய வேண்டும். அதாவது பாட்டி, குழந்தைக்காக அதன் பெற்றோர். நீங்கள் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும் யூடியூப் பொதுவாக ஏற்காது. புகார் வந்ததும் ஏற்றியவருக்கு, அவராகவே நீக்க 48 மணி நேரம் தருவார்கள். அதன் பிறகு யூடியூப் முடிவெடுக்கும். எனவே அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்பதோடு, நகல்கள் இருக்கும் முகவரிகளைப் பட்டியலாக எழுதிக் கொடுத்து, புகார் செய்யவும் கூட இருந்து உதவுங்கள்.

தளம் பதில் சொல்லாவிட்டால் அடுத்த படி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய முடிவு திருப்தி இல்லை என்றால், 30 நாட்களுக்குள் gac.gov.in என்ற தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்தரங்கப் படமாக இருந்தால் கதையே வேறு. சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் செய்யலாம், அதை நீக்கும் நடவடிக்கைக்கு நிறுவனம் 2 மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

நீக்கிவிட்டால் வழக்கு போய்விடுமா?

போகாது. நடிகர் எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். அது தான் எழுதியதல்ல, வந்ததைப் பகிர்ந்ததுதான் என்றார். சில மணி நேரத்திலேயே நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்குகளை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அதனால் நீக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ, அவ்வளவு குறைவான நகல்கள் உருவாகும். எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், யாருக்கெல்லாம் மறுப்பு அனுப்பினீர்கள் என்பதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு

வீடியோவில் இருப்பவரை யாராவது மிரட்டினாலோ, கூட்டம் சேர்ந்தாலோ, படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்காமல் உடனே 112-க்கு அழையுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டதாக இருந்தால் 1098. நகல்கள் தொடர்ந்து பரவினால் cybercrime.gov.in தளத்திலோ, தருமபுரி மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் செய்யலாம். புகாரோடு நகல்களின் முழு முகவரிகளையும் எழுதிக் கொடுங்கள். ‘ஃபேஸ்புக்கில் ஓடுது சார்’ என்று மட்டும் சொன்னால், எந்த நகலை நீக்கச் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது.